ரப்பர் மரக்கட்டையின் அடர்த்தி: அந்த ± எங்கிருந்து வருகிறது?

சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கும் என் அண்ணன் மகள், தோட்டத்தில் வெட்டிப்போட்ட பால்மரக் கிளையை உருளையாகக் கடைந்து வாங்கி வந்து அடர்த்தி கணக்கிட்டாள். விடை 0.61098 என்று எழுதியிருந்தாள். அதில் எத்தனை இலக்கத்தை நம்பலாம், பக்கத்தில் ± எவ்வளவு போடவேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் அளவுகள். நிறை 38.62 கிராம், தராசின் நிச்சயமின்மை 0.01. உயரம் 50.1 மிமீ, ரம்பம் அறுத்த முகம் சற்றுக் கோணல் என்பதால் 0.1 மிமீ வைத்தோம். விட்டத்தை மட்டும் கட்டையைத் திருப்பித் திருப்பி ஐந்து முறை காலிப்பரில் அளந்தோம்: 39.8, 40.3, 40.0, 40.4, 39.9. கண்ணுக்கு வட்டமாகத் தெரிந்த கட்டை உண்மையில் வட்டமில்லை. சராசரி 40.08 மிமீ. திட்டவிலக்கம் 0.26, ஐந்து அளவுகள் என்பதால் அதை √5 ஆல் வகுத்தால் சராசரியின் நிச்சயமின்மை 0.12 மிமீ.

அடுத்து சூத்திரம். ρ அடர்த்தி, m நிறை, d விட்டம், h உயரம், u அந்தந்த அளவின் நிச்சயமின்மை:

```
ρ = 4m / (πd²h)
(u_ρ/ρ)² = (u_m/m)² + (2·u_d/d)² + (u_h/h)²
```

அந்த 2 ஏன்? விட்டம் 1% கூடினால் பரப்பு 1.01 × 1.01, அதாவது ஏறக்குறைய 2% கூடும். விட்டத்தில் உள்ள பிழை கணக்கில் இரண்டு முறை நுழைகிறது.

இப்போது சதவீதங்கள். நிறை 0.03, உயரம் 0.20, விட்டம் 0.29, விட்டத்தை இரட்டித்தால் 0.58. மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.61%. அடர்த்தியில் அது 0.0037, ஒரே இலக்கத்தில் 0.004. ஆகவே விடை 0.611 ± 0.004 கி/செமீ³.

அவள் முதலில் 0.002 என்றுதான் போட்டிருந்தாள். 2 விட்டுப்போயிருந்தது. இன்னொரு வழுக்கல், ஆரத்தை வைத்துக் கணக்கிடும்போது வரும்: விட்டத்தைப் பாதியாக்கிவிட்டு நிச்சயமின்மையை அப்படியே விட்டுவிடுவார்கள். 20.04 மிமீக்கு 0.06 தான் வரவேண்டும்.

சரி, இதை முடிவுப் பத்தியில் எப்படிச் சொல்வது? கணக்கு முழுவதும் பின்னிணைப்புக்குப் போகட்டும். பத்தியில் விடை, எது பெரும்பங்கு, எது அடங்கவில்லை என்ற மூன்றும் போதும். அவள் எழுதியது இது:

"காற்றில் உலர்ந்த ரப்பர் கட்டையின் அடர்த்தி 0.611 ± 0.004 கி/செமீ³ (ஒரு திட்ட நிச்சயமின்மை). இதில் பெரும்பங்கு விட்ட அளவீட்டிலிருந்து வருகிறது. கட்டை முழு வட்டமாக இல்லை. மரத்தின் ஈரப்பதம் அளக்கப்படவில்லை. அதன் விளைவு இந்த எண்ணில் சேரவில்லை."

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதே கட்டையை மழைக்காலத்தில் வெளியில் வைத்து எடுத்தால் நிறை 0.01 கிராமைவிடப் பல மடங்கு மாறும், அந்த ±0.004 அதைக் காட்டாது. அப்புறம், இன்னும் துல்லியமான தராசு தேடி அலைய வேண்டியதில்லை. விட்டத்தை இன்னும் பத்து இடத்தில் அளந்தாலே போதும்.