விவரம் குறைந்த விலைக்கோரலுக்குப் பதில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"12 x 10 x 8 அளவில் 5 பிளை அட்டைப் பெட்டி, 2,000 வேண்டும். கொட்டேஷன் அனுப்பவும்." அட்டைப் பெட்டி செய்பவர்களுக்கு இப்படி ஒரு மெயில் வருவது சாதாரணம். அளவு, பிளை, எண்ணிக்கை எல்லாம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் விலையை முடிவு செய்யும் சில விவரங்கள் இதில் இல்லை.

முதல் தவறு, இல்லாததை நாமே ஊகித்துக்கொண்டு, அந்த ஊகத்தை எங்கும் எழுதாமல் விலையை மட்டும் அனுப்புவது. அந்த எண்கள் அங்குலமா, சென்டிமீட்டரா? அங்குலம் என்றால் அட்டையின் பரப்பு ஆறு மடங்குக்கும் மேல் ஆகிவிடும். இது பெரிய வித்தியாசம் என்பதால் எப்படியாவது கண்ணில் பட்டுவிடும். கவனிக்காமல் போவது, அது உள் அளவா வெளி அளவா என்பது.

5 பிளை அட்டையின் தடிமன் 6 முதல் 7 மில்லிமீட்டர் இருக்கும். நீளத்திலும் அகலத்திலும் இரண்டு சுவர்களுக்குமாகச் சேர்த்து அரை அங்குலம் போய்விடும். உயரத்தில் மேலும் கீழும் மடிப்புகள் இரட்டையாகப் படிவதால் ஏறக்குறைய ஒரு அங்குலம் போகும். வெளி அளவு என்று நினைத்து நாம் செய்துகொடுத்தால், 8 அங்குல உயரமுள்ள பொருள் உள்ளே போகாது. உள் அளவு என்று வைத்தால் பெட்டி வெளியே 12.5 x 10.5 x 9 ஆகிறது. ஒட்டும் விளிம்புக்கு ஒன்றரை அங்குலம் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு பெட்டிக்கான ஷீட் 819 சதுர அங்குலத்திலிருந்து 926-க்கு ஏறும். அட்டைச் செலவு மட்டும் சுமார் 13 சதவீதம் கூடுகிறது. இரண்டு கொட்டேஷன்களுக்கு நடுவே ஆர்டரைத் தீர்மானிக்க இந்த வித்தியாசம் போதும்.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது: இருபது கேள்விகள் கொண்ட படிவத்தை அனுப்பி, "நிரப்பித் தந்தால்தான் விலை" என்பது. அதிலும் "ஜி.எஸ்.எம். எவ்வளவு, பர்ஸ்டிங் ஃபேக்டர் எவ்வளவு" என்று கேட்பது வீண் வேலை. வாங்குபவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் மெயிலிலேயே எழுதியிருப்பார். அவருக்குத் தெரிந்ததைக் கேட்க வேண்டும். ஒரு பெட்டிக்குள் எத்தனை கிலோ போகும், எத்தனை பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள்? 8 கிலோ, ஆறு அடுக்கு என்று சொன்னால் அடிப்பெட்டியின் தலையில் 40 கிலோ நிற்கிறது. ஈரப்பதம், கிடங்கில் கிடக்கும் நாட்கள், ஏற்றி இறக்கும் அதிர்வு எல்லாவற்றுக்குமாக அதை மூன்று முதல் ஐந்து மடங்காக வைத்துக்கொண்டு, தாளை நாம் தேர்ந்தெடுக்கலாம். அது நம் வேலை.

எதைக் கேட்பது, எதை விடுவது? பதில் மாறினால் விலை கணிசமாக மாறுமா என்று பார்த்தால் போதும். மாறும் என்றால் கேட்க வேண்டும். மற்றதை நாமே வைத்துக்கொண்டு, அதை வெளிப்படையாக எழுதிவிடலாம். இந்த மெயிலுக்கு நான் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். 5 பிளை, 2,000 பெட்டிக்கான கோரிக்கை கிடைத்தது. விலை போட மூன்று விவரங்கள் தேவை. 1) 12 x 10 x 8 என்பது அங்குலமா? உள் அளவா, வெளி அளவா? தெரியாவிட்டால் உள்ளே வைக்கும் பொருளின் அளவைச் சொன்னால் போதும். 2) ஒரு பெட்டியில் எத்தனை கிலோ, எத்தனை அடுக்கு? 3) 2,000-மும் ஒரே தடவையா, பிரித்து அனுப்ப வேண்டுமா? ஒரு நிற அச்சு, எங்கள் இடத்திலிருந்து நீங்கள் எடுத்துச்செல்வது என்று வைத்துக்கொள்கிறோம். மாற்றம் இருந்தால் சொல்லவும். பதில் வந்த மறுநாள் கொட்டேஷன் அனுப்புகிறோம்."

தேதி சொல்லும் அந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேள்வி மட்டும் போனால், நாம் தட்டிக்கழிக்கிறோம் என்று வாங்குபவர் நினைக்கக்கூடும். அதேபோல் மெயிலோடு வந்த படத்தையோ வரைபடத்தையோ திறந்து பார்க்காமல், அதில் இருப்பதையே கேட்பதும் கூடாது. அப்புறம், இன்று ஒரு கேள்வி, நாளை இன்னொன்று என்று தவணை முறையில் கேட்டால் மூன்றாவது கேள்விக்குள் ஆர்டர் வேறிடம் போயிருக்கும். எல்லாம் ஒரே மெயிலில் போக வேண்டும்.

பதில்கள் பெரும்பாலும் போனில்தான் வரும். "அங்குலம்தான், உள் அளவு, எட்டு கிலோ" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு விலையை மட்டும் எழுதினால் பழைய ஊகக் கதைதான். கொட்டேஷனில் விலைக்கு மேலேயே "உள் அளவு 12 x 10 x 8 அங்குலம், உள்ளே 8 கிலோ, ஆறு அடுக்கு வரை" என்று எழுதி அனுப்புங்கள். தப்பாகக் கேட்டிருந்தால், ஷீட் வெட்டுவதற்கு முன்பே அவர் திருத்திவிடுவார்.