டிமாண்ட் டேபிள்ல இருந்து எலாஸ்டிசிட்டி கணக்கு: நடுப்புள்ளி முறைல எப்படி போடுறது?

விலை மாறினா வாங்குற அளவு எவ்வளவு மாறுதுன்னு சதவீதத்துல பாக்குறதுதான் விலை எலாஸ்டிசிட்டி. அளவோட சதவீத மாற்றத்தை விலையோட சதவீத மாற்றத்தால வகுக்கணும், அவ்வளவுதான். ஆனா "சதவீதம்"னு சொன்னதும் எதுல சதவீதம்னு ஒரு கேள்வி வருதுல்ல, சிக்கல் ஆரம்பிக்கிறதே அங்கதான். ஏதோ ஒரு பொருளுக்கு இந்த டேபிள் இருக்குன்னு வச்சுக்குவோம்:

| விலை | வாங்குற அளவு |
|---|---|
| 10 | 20 |
| 8 | 40 |
| 6 | 60 |
| 4 | 80 |
| 2 | 100 |

விலை 8ல இருந்து 6க்கு இறங்குது. சாதாரணமா போட்டா அளவு 40ல இருந்து 60, அதாவது 50% ஏறுது, விலை 25% இறங்குது, விடை 2. இப்போ அதே ரெண்டு வரிசைய தலைகீழா 6ல இருந்து 8க்கு போட்டு பாருங்க. அளவு 60ல இருந்து 40, இது 33.3% குறைவு, விலையும் 33.3% ஏத்தம், விடை 1. அதே ரெண்டு புள்ளிதான், எந்த பக்கத்துல இருந்து நடக்குறோம்னு பொறுத்து விடை பாதியாயிடுது! தொடங்குற எண்ணை வச்சு வகுக்குறதுனால வர்ற கோளாறு இது.

நடுப்புள்ளி முறைல தொடக்கமும் வேண்டாம் முடிவும் வேண்டாம், ரெண்டோட சராசரிய வச்சு வகுத்துடுவோம்.

```
E = [(Q2 - Q1) / ((Q1 + Q2)/2)] / [(P2 - P1) / ((P1 + P2)/2)]
```

இதுல Q அளவு, P விலை. 8ல இருந்து 6க்கு போட்டு பாப்போம்.

முதல்ல அளவு. மாற்றம் 60 - 40 = 20, சராசரி 50, 20ஐ 50ஆல வகுத்தா 0.4, அதாவது 40%.

அடுத்தது விலை. மாற்றம் 6 - 8 = -2, சராசரி 7, -2ஐ 7ஆல வகுத்தா -0.2857, அதாவது கிட்டத்தட்ட -28.6%.

கடைசியா 0.4ஐ -0.2857ஆல வகுத்தா -1.4. தலைகீழா 6ல இருந்து 8க்கு போட்டாலும் இதே -1.4தான் வரும், ஒரு தடவை நீங்களே போட்டு பாருங்க.

இங்க நிறைய பேர் வழுக்குற இடம், விலைய மேல போட்டு அளவை கீழ போட்டுடுறது. அப்படி போட்டா 0.71 வரும், பாக்க சரியான விடை மாதிரியே இருக்கும், அதனால அளவுதான் எப்பவும் மேலன்னு முதல்லயே எழுதி வச்சுக்கங்க. மைனஸ் குறி வர்றது சகஜம், விலையும் அளவும் எதிர் எதிரா போகுதுன்னு அர்த்தம். அர்த்தம் பாக்கும்போது அதை விட்டுட்டு 1.4ன்னு மட்டும் எடுத்துக்கலாம்.

சரி, 1.4னா என்ன? அந்த இடைவெளில விலை 1% மாறினா அளவு சராசரியா 1.4% மாறும். 1ஐ விட அதிகம்னா எலாஸ்டிக், குறைச்சல்னா இன்எலாஸ்டிக், சரியா 1னா யூனிட் எலாஸ்டிக்.

இத்தோட நிறுத்திடாம விலையையும் அளவையும் பெருக்கி மொத்த வருமானத்தையும் பாருங்க, விடை சரியான்னு அதுவே சொல்லிடும். விலை 8ல 320, 6ல 360. விலைய குறைச்சும் வருமானம் ஏறுது, எலாஸ்டிக்னா அப்படித்தான் இருக்கணும். முதல்ல தலைகீழா போட்டப்போ 1ன்னு வந்துச்சே, அது உண்மைன்னா வருமானம் மாறியே இருக்கக்கூடாது, ஆனா 360ல இருந்து 320க்கு விழுந்துடுச்சு. நடுப்புள்ளி விடைல இந்த முரண்பாடு வரவே வராது, அது 1ன்னு வந்தா ரெண்டு பக்கமும் வருமானம் சமமா இருந்தே ஆகணும்.

மத்த இடைவெளிகளையும் இதே மாதிரி போட்டா, 10க்கும் 8க்கும் நடுவுல 3, 6க்கும் 4க்கும் நடுவுல 0.71, 4க்கும் 2க்கும் நடுவுல 0.33. கவனிச்சீங்களா, எல்லா வரிசையிலயும் விலை 2 குறைஞ்சா அளவு 20 கூடுது, கிராஃப்ல நேர்கோடுதான், ஆனா எலாஸ்டிசிட்டி மட்டும் இறங்கிட்டே வருது. கோட்டோட சாய்வும் எலாஸ்டிசிட்டியும் ஒண்ணுன்னு நினைச்சா இங்க மாட்டிக்குவீங்க. மேல விலை பெருசு, அளவு சின்னது, அதனால 20ங்கிறது பெரிய சதவீதம், கீழ வர வர அதே 20 சின்ன சதவீதம் ஆயிடுது. அதனால "இந்த பொருள் எலாஸ்டிக்"னு மொட்டையா சொல்லாம எந்த விலைக்கும் எந்த விலைக்கும் நடுவுலன்னு சேர்த்தே சொல்லுங்க.

இன்னொண்ணு, சோம்பல்பட்டு 10ல இருந்து 2க்கு ஒரே தாவா தாவாதீங்க. அளவு மாற்றம் 80, சராசரி 60, விலை மாற்றம் -8, சராசரி 6, ரெண்டுமே 133%, விடை கரெக்டா 1. கணக்கு தப்பில்ல, ரெண்டு முனையிலயும் வருமானம் 200தான். ஆனா நடுவுல 360 வரைக்கும் ஏறி இறங்கின கதை மொத்தமும் அந்த 1க்குள்ள மறைஞ்சு போச்சு.