"ரொம்ப சீரியஸ், உடனே வா": மங்கலச் சொல் எங்கே தவறாகிறது?

முதல் தவறு பெயரிலேயே இருக்கிறது. சொல்லத் தயங்குவதை வேறு சொல்லால் சொன்னாலே அதை இடக்கரடக்கல் என்றுவிடுகிறோம். இடக்கர் என்பது நாலு பேர் முன்னால் சொல்லக் கூசும் சொல். அதை மறைத்து 'கால் கழுவி வந்தேன்' என்பதுதான் இடக்கரடக்கல். சாவைச் சொல்லக் கூச்சம் இல்லை, மனம்தான் வருவதில்லை. அதனால் 'செத்தார்' என்பதை 'காலமானார்', 'இயற்கை எய்தினார்' என்கிறோம். இதற்கு நன்னூல் தரும் பெயர் மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்பதும் இதுதான். 'மண்டையைப் போட்டார்' என்பதையும் சிலர் இதில் சேர்க்கிறார்கள். அது நேர் எதிர்; சாவை இளக்காரமாக்கும் பேச்சு.

சரி, வீட்டுப் பேச்சுக்கு வருவோம். எங்கள் பெரியப்பா இறந்த அன்று, வெளியூரில் இருந்த அண்ணனுக்கு மாமா போன் செய்தார். "அப்பாவுக்கு ரொம்ப சீரியஸ், உடனே கிளம்பி வா" என்றார். பெரியவர்களுக்கு அதன் பொருள் தெரியும், அண்ணனுக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் ரத்தம் கொடுக்க ஆள் தேடிக்கொண்டே வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கிருந்த நர்ஸ், "பாடியை அப்பவே வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்களே" என்றார். மகனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சாவுக்கே 'சீரியஸ்' என்று சொல்லிப் பழகிவிட்டால், உண்மையிலேயே கவலைக்கிடமாக இருக்கும்போது அந்தச் சொல்லைக் கேட்பவர் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார். தனியாகப் பயணம் செய்பவர் தாங்குவாரா என்ற பயம் நியாயமானதுதான். அவர் பக்கத்தில் இருக்கும் நண்பரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லி, கூடவே அனுப்பி வைக்கலாம். நேரில் சொல்லும்போது "அப்பா தவறிட்டாரு" என்பதே போதும். அதில் மென்மையும் உண்டு, பொருளும் மாறாது.

சின்னப் பிள்ளையிடம் மட்டும் அதுவும் எடுபடாது. "தாத்தா தூங்கிட்டார்" என்றால் எப்போது எழுந்திருப்பார் என்று கேட்கும், அல்லது இரவில் தூங்கவே பயப்படும். 'இறந்துட்டார், இனி வரமாட்டார்' என்று சொல்வதே நல்லது. அந்த 'இறந்தார்' கூட ஒரு காலத்தில் பூசிமெழுகிய சொல்தான். இறத்தல் என்றால் கடந்துபோதல். இறந்த காலம் என்கிறோமே, அது.

யாருக்குச் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கடவுள் இல்லை என்று வாழ்ந்தவரை 'இறைவனடி சேர்ந்தார்' என்று போஸ்டர் அடிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 'இயற்கை எய்தினார்' அவருக்குப் பொருந்தும். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பது கிறிஸ்தவ வீட்டுச் சொல்.

நோயில் இது இன்னும் சிக்கல். அம்மை கண்டால் "முத்து போட்டிருக்கு", "அம்மா வந்திருக்கா" என்போம். வீட்டுக்குள் அப்படியே பேசலாம். ஆனால் பார்க்க வரும் உறவுக்காரப் பெண் கர்ப்பிணியாக இருந்து, முன்பு அம்மை வராதவராகவும் இருந்தால், 'சும்மா உடம்பு சரியில்லை' என்று மழுப்பக் கூடாது. சின்னம்மை அவருக்கும் வயிற்றில் உள்ள பிள்ளைக்கும் ஆபத்தாகலாம். வாசலிலேயே நிறுத்தி, அம்மை என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும்.