ஓய்வூதியம் தள்ளிப்போன மாதம்

மாதம் பிறந்து மூன்று வாரமாகியும் ஓய்வூதியம் வரவில்லை. செலவு நோட்டைத் தொகைப்படி அல்லாமல் கெடு தேதிப்படி திருப்பி எழுதினேன். சர்க்கரை மாத்திரையும் பாலும் மேலே; கரண்ட் பில்லுக்கு ரீடிங் எடுத்ததிலிருந்து 20 நாள் அவகாசம் இருந்ததால் கீழே. பாளையங்கோட்டை மளிகைக்கடை அண்ணாச்சி, "பணத்தைப் பைய குடுங்க சார்வாள்" என்றார். நல்ல மனுஷர். இருந்தாலும் அரிசி, பருப்பு மட்டுமே பற்று எழுதச் சொன்னேன்.

அப்புறம் கைச்செலவு. வங்கி டெபாசிட்டை உடைத்தால் அதுவரை சேர்ந்த வட்டியே குறைந்துவிடும். அதனால் அதன் பேரிலேயே ஓவர்டிராப்ட் கடன் வாங்கி, ₹8,000 மட்டும் எடுத்தோம். அதற்கு வட்டி, டெபாசிட் வட்டியைவிட 1 சதவீதம் கூடுதல்தான். அதுவும் எடுத்த பணத்துக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும். ஓய்வூதியம் ஏறிய அன்றே முதலில் அதை அடைத்தேன், அடுத்தது அண்ணாச்சி பாக்கி.