ஐந்து வீடு, இரண்டு நாள்: தீபாவளிச் சுற்றில் பேச்சு வற்றாமல் இருக்க

2026ஆம் ஆண்டுத் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதனால் மறுநாள் திங்களும் சிங்கப்பூரில் பொது விடுமுறை. வழக்கமாக ஒரே நாளில் அடித்துப் பிடித்து முடிக்கிற உறவினர் சுற்றை இம்முறை நிதானமாக இரண்டு நாளில் செய்யலாம். புதிதாகத் திருமணமாகி முதன்முறை இந்தச் சுற்றுக்குப் பொறுப்பேற்பவர்களுக்காக, எங்கள் குடும்பத்தில் நான் கடைப்பிடிக்கும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். என்ன உடுத்துவது, எத்தனை அன்பளிப்பு உறைகள் எடுத்துச் செல்வது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பேச்சை மட்டும் பார்ப்போம்.

படி 1: வீடுகளை வரிசைப்படுத்துங்கள்

வரைபடத்தைப் பார்க்கும் முன் வயதைப் பாருங்கள். எங்கள் சுற்றில் மூத்தவர் உட்லண்ட்ஸ் பெரியப்பா, ஆகவே ஞாயிறு காலை அங்கே தொடங்குகிறோம். அடுத்து ஈசூன் அத்தை, பிறகு அங் மோ கியோ சித்தப்பா. மூன்றும் ஒரே எம்ஆர்டி பாதையில் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். திங்களன்று தெம்பனிஸ் மாமாவும் பிடோக் சித்தியும்.

ஒரு நாளைக்கு மூன்று வீட்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நான்காவது வீட்டில் உடல்தான் சோபாவில் இருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் காலையிலிருந்து காத்திருந்தவர்கள், அவர்களுக்கு மிச்சம் மீதியைக் கொடுப்பது நியாயமில்லை.

மதிய உணவு எந்த வீட்டில் என்பதை முந்தைய வாரமே தொலைபேசியில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால், பேச வேண்டிய நேரமெல்லாம் "இன்னும் ஒரு வாய்", "ஐயோ, வயிற்றில் இடமில்லை" என்ற இழுபறியிலேயே கழிந்துவிடும். அப்படியும் தட்டு வந்தால் "இப்போதுதான் அத்தை வீட்டில் சாப்பிட்டோம்" என்று சொல்லாதீர்கள். ஒரு துண்டு எடுத்துச் சுவைத்துவிட்டு, மீதியைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லுங்கள். கட்டித் தருவதில் அவர்களுக்கும் மகிழ்ச்சி.

படி 2: வீட்டுக்கு மூன்று வரி

ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று வரிக் குறிப்பு எழுதுங்கள். முதல் வரி, போன முறை பாதியில் நின்ற விஷயம். இரண்டாவது, அந்த வீட்டாரிடம் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வி. மூன்றாவது, இம்முறை தொடக்கூடாத ஒன்று. ஈசூன் அத்தை வீட்டுக்கு என்னிடம் இருக்கும் குறிப்பு இது:

"முழங்காலுக்குப் பயிற்சி ஆரம்பித்தார், தொடர்கிறாரா? மாடியில் வளர்த்த கறிவேப்பிலை பிழைத்ததா? மகனின் வேலை பற்றி நாமாகக் கேட்க வேண்டாம்."

இதற்குத் தனிச் செயலி எதுவும் தேவையில்லை. சிலர் அழகான நாட்குறிப்பு வாங்குகிறார்கள், அது அடுத்த தீபாவளிக்கு எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்வதுதான் சிறந்தது. ஒரு வீட்டை விட்டு இறங்கியதும், மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதே அடுத்த ஆண்டுக்கான வரியை எழுதி விடுங்கள். ரயில் ஏறிய பிறகு எழுதலாம் என்றால் முக்கியமானது மறந்துபோகும். அத்தை போன ஆண்டு முழங்காலைப் பற்றிச் சொன்னது செருப்பு மாட்டும் நேரத்தில், அரை வாக்கியமாக. அந்த அரை வாக்கியத்தை நினைவில் வைத்து இம்முறை கேட்டால் அவர் முகம் எப்படி மலரும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

மூன்றாவது வரியை எழுதும்போது சிங்கப்பூரின் நாட்காட்டியையும் கணக்கில் கொள்ளுங்கள். தீபாவளி வரும் நேரத்தில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிந்திருக்கும், ஆனால் முடிவுகள் வந்திருக்காது. சாதாரண நிலைத் தேர்வு எழுதும் உயர்நிலை நான்கு மாணவருக்குத் தேர்வே நடந்துகொண்டிருக்கும். "எப்படி எழுதினாய்?" என்பதை அந்தப் பிள்ளை எல்லா விருந்தாளிகளிடமிருந்தும் கேட்டாயிற்று. "தேர்வு முடிந்த மறுநாள் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் சட்டென்று வரும். பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கும் தம்பதியிடம் சாவி எப்போது என்று கேட்காதீர்கள். குலுக்கலில் எண் கிடைத்ததா என்பதே நமக்குத் தெரியாது. அவர்களே எடுத்தால் பேசுங்கள்.

அந்த ஆண்டில் துக்கம் நடந்த வீடு இருந்தால் வாழ்த்துச் சொல்லித் தொடங்க வேண்டாம். எங்கள் வழக்கத்தில் அந்த வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள், நாங்கள்தான் கொண்டுபோய்க் கொடுப்போம். இது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், ஆகவே வீட்டுப் பெரியவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மறைந்தவரைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டாம். அவர் பெயரைச் சொல்லி ஒரு நினைவைப் பகிர்வதையே பெரும்பாலும் அந்த வீடு எதிர்பார்த்திருக்கும்.

படி 3: உங்கள் செய்தியை யாரிடம் முதலில் சொல்வது?

பலர் தடுமாறும் இடம் இது. இதைச் சரியாகச் செய்தால் மீதி தானாக நடக்கும்.

இந்த ஆண்டு எங்கள் செய்தி, சுவா சூ காங்கிலிருந்து பொங்கோலுக்கு வீடு மாறுகிறோம் என்பது. இதை ஐந்து வீட்டிலும் ஒரே மாதிரி சொன்னால் இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது, செய்தி நம்மைவிட வேகமாகப் பயணிக்கும். காலையில் உட்லண்ட்ஸில் சொன்னது மதியத்துக்குள் குடும்பக் குழு வழியாக அங் மோ கியோவுக்குப் போய்விடும். சித்தப்பா கதவைத் திறக்கும்போதே "எல்லாம் கேள்விப்பட்டோம்" என்பார். அதில் ஒரு சிறு வருத்தம் இருக்கும். ஆகவே பெரிய செய்தி எதுவானாலும் தீபாவளிக்கு முந்தைய வாரமே ஒவ்வொரு வீட்டுக்கும் மூத்தவர் தொடங்கித் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிடம் போதும். நேரில் போகும்போது செய்தி பழையதாகி, பேச்சு அதற்கு மேல் தொடங்கும்.

இரண்டாவது, ஒரே அறிக்கையை ஐந்து முறை ஒப்பிக்கும்போது உங்கள் குரலே தேய்ந்துவிடும். ஆகவே செய்தியை அந்தந்த வீட்டுக்கு உரிய வாசல் வழியாக உள்ளே கொண்டுபோங்கள். பெரியப்பாவிடம், பால் காய்ச்ச நல்ல நாள் எது, வாசல் கிழக்கு பார்த்திருப்பது சரிதானா என்று கேட்பேன். அத்தையிடம், புதுச் சமையலறை சிறியது, மாவு ஆட்டும் இயந்திரத்தை எங்கே வைப்பது என்று கேட்பேன். சித்தப்பா மகன் சென்ற ஆண்டு வீடு புதுப்பித்தவர், அவரிடம் குளியலறைத் தரையில் நீர்க்கசிவு வராமல் இருக்க என்ன செய்தார் என்று கேட்பேன். செய்தி ஒன்றுதான், ஆனால் மூன்று வீட்டிலும் மூன்று வெவ்வேறு பேச்சுகள். அதோடு, பேசுவது அவர்கள், நாம் கேட்கிறோம். இப்படிக் கேட்டால் யாரும் உங்களைப் பெருமை பேசுபவர் என்றும் நினைக்க மாட்டார்கள்.

ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லவே கூடாது. நல்ல செய்தியாக இருந்தாலும் சரி. அதைச் சொல்லும் மகிழ்ச்சி அதற்கு உரியவர்களுடையது.

படி 4: இரண்டாவது கேள்வி

"நலமா?" என்பதற்கு "நலம்" என்று பதில் வரும். பேச்சு அங்கே நின்றுவிடும். உயிர் இருப்பது இரண்டாவது கேள்வியில்.

பெரியப்பா இளமையில் செம்பவாங் கப்பல் பட்டறையில் சேர்ந்தவர். பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் பட்டறை 1968இல் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. அதற்குச் சற்றுப் பின்னால் அவர் உள்ளே போனார். இந்தக் கதையை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். இளையவர்கள் "சொல்லியிருக்கிறீர்களே பெரியப்பா" என்று கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் கதைக்குள் இதுவரை யாரும் நுழையாத ஒரு மூலையைக் கேளுங்கள். போன ஆண்டு நான், "வேலை முடிந்து எதில் வீட்டுக்குப் போவீர்கள்?" என்றேன். சைக்கிளில் என்றார். "இருட்டில் விளக்கு இருந்ததா?" என்றேன். டைனமோ டயரில் உரசும் சத்தத்தையும், மழை நாளில் அது வழுக்கி விளக்கு அணைவதையும், முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்தபடியே எல்லோரும் வரிசையாக ஓட்டியதையும் கையால் காட்டிச் சொன்னார். பெரியம்மாவே அன்றுதான் முதன்முறை கேட்டார்.

எங்கே, எதில், யாரோடு, என்ன நேரம் என்று கண்ணால் பார்க்கக்கூடியதைக் கேளுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்ற பரந்த கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும்.

பலகாரத்துக்கும் இதே முறைதான். "பிரமாதம்" என்பதை எல்லா வீட்டிலும் சொல்வோம், எனவே அதற்கு எடையில்லை. "முறுக்கில் ஓமமா, சீரகமா?" என்று கேளுங்கள். ஆனால் "நீங்களே செய்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இப்போது பல வீடுகளில் தேக்காவில் வாங்குகிறார்கள். வயதான கைகளால் மாவு பிழிய முடிவதில்லை.

படி 5: கிளம்புவது

ஒரு மணி நேரம் கடந்ததும், பேச்சு நன்றாக ஓடும்போதே எழுந்துவிடுங்கள். அமைதி விழுந்த பிறகு எழுந்தால் சலித்துப்போய்க் கிளம்புவதாகத் தெரியும். "போய்விட்டு வருகிறோம்" என்று மூத்தவரிடம் முதலில் சொல்லுங்கள். அதன்பின் வாசலில் இன்னும் 10 நிமிடம் ஆகும், அதையும் கணக்கில் சேர்த்தே அடுத்த வீட்டுக்கு நேரம் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, காலையில் பார்த்த அதே உறவினர்கள் அடுத்த வீட்டிலும் வந்து உட்கார்ந்திருந்தால் என்ன பேசுவது? அவர்களைப் பேச வையுங்கள். "அண்ணன் காலையில் ஒரு விஷயம் சொன்னார், அவரே சொல்லட்டும்" என்று வழிவிட்டால் போதும். அவர் ஏற்கெனவே பலரறியச் சொன்ன விஷயமாக மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று, தமிழ் தெரியாத மருமகளோ மருமகனோ, தமிழில் பேசக் கூச்சப்படும் பிள்ளைகளோ ஓரமாக உட்கார்ந்திருப்பது. அவர்களைச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய திருமணப் படத்தின் முன் நிறுத்தி, ஒவ்வொரு முகத்தையும் காட்டி "இவர் யார்?" என்று பெரியவரிடம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டே தமிழ்ச் சொற்கள் போதும். பெயரும் முறையும் சொல்லிக்கொண்டு பெரியவர் தொடர்வார். இதைச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது. இருவரும் எழுந்து படத்தின் அருகே போய் நிற்க வேண்டும். பெரியவருக்கு நிற்கச் சிரமம் இருந்தால் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆணி பழையதாக இருக்கும், வீட்டுக்காரர்களையே கழற்றித் தரச் சொல்லுங்கள்.