அட்வான்ஸில் பிடித்ததைக் கேட்டு வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைக் காலி செய்து சாவியையும் கொடுத்தாகிவிட்டது. முழு அட்வான்ஸும் வரும் என்று காத்திருந்தால், பாதிக்குப் பக்கமாகக் கழித்துக்கொண்டு மீதிதான் வருகிறது. அந்தக் கோபத்தில் எழுதும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மூன்று வருடமாக ஒரு நாள்கூடத் தவறாமல் வாடகை கொடுத்தேன். நீங்கள் செய்தது அநியாயம். முழுப் பணத்தையும் உடனே திருப்பித் தாருங்கள்." எழுதியவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி ஒன்றுகூட அதில் இல்லை. பிடித்த மொத்தத் தொகையோடு சண்டை போடுவதுதான் முதல் தவறு. ஒவ்வொரு பிடித்தத்தையும் தனித்தனியாக எடுத்துப் பேச வேண்டும்.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். அட்வான்ஸ் 60,000. மூன்று வருடம் குடியிருந்த பிறகு 31,500 மட்டும் திரும்பி வருகிறது. கழித்த 28,500-க்கு வீட்டுக்காரர் கொடுத்த விவரம்: வீடு முழுக்க பெயிண்ட் 18,000, அலமாரிக் கதவுகள் 6,000, சுத்தம் செய்ய 3,000, சமையலறைக் குழாய் 1,500.

பெரிய தொகை பெயிண்ட். தகராறும் அதில்தான் அதிகம் வரும். "நான் சுவரைக் கெடுக்கவே இல்லை" என்று எழுதிவிட்டு, ஒரு அறையில் குழந்தை கிறுக்கியது படத்தில் தெரிந்தால், கடிதத்தில் சொன்ன மற்றதையும் யாரும் நம்பமாட்டார்கள். உள்ளதை ஒப்புக்கொண்டு, அதற்கு எவ்வளவு ஆகும் என்பதைப் பேசுவதே நல்லது. இதற்கு இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெயில் பட்டு நிறம் மங்குவதும், சோபாவுக்குப் பின்னால் லேசாகத் தேய்வதும் ஆள் குடியிருந்தாலே வரும் இயல்பான தேய்மானம். பல நாடுகளின் வாடகைச் சட்டங்கள் இதை வாடகைக்கு இருந்தவர் தலையில் கட்ட விடுவதில்லை. கிறுக்கல், பெரிய ஆணித் துளை போன்றவை சேதம். சேதத்துக்கும்கூடப் புது பெயிண்டின் முழு விலையைக் கேட்பது சரியாகாது. வீட்டுக்காரர் இழந்தது மூன்று வருடம் பழசான பெயிண்டை. உங்கள் செலவில் அவருக்குப் புதுசு கிடைத்தால், இழந்ததைவிட அதிகமாகவே பெற்றுவிடுகிறார்.

நீங்கள் குடிவருவதற்குச் சற்று முன்புதான் பெயிண்ட் அடித்தார்கள், அது நான்கு வருடம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் ஓடிவிட்டது, மிச்சம் இருப்பது கால் பங்கு ஆயுள். வீட்டில் ஏறக்குறைய ஒரே அளவுள்ள நான்கு அறைகள், கிறுக்கல் இருப்பது ஒன்றில் மட்டும். 18,000-இல் ஒரு அறையின் பங்கு 4,500. அதில் கால் பங்கு 1,125. நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான். கடைசியாக எப்போது பெயிண்ட் அடித்தார்கள் என்பது தெரியாவிட்டால், அதையே கேள்வியாகக் கடிதத்தில் எழுதுங்கள். ஐந்தாறு வருடத்துக்கு முன் அடித்த பெயிண்ட் என்றால், அதற்காகக் கழிக்க ஏறக்குறைய எதுவுமே மிஞ்சாது.

ஆனால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் இந்தக் கணக்கை அனுப்பக் கூடாது. காலி செய்யும்போது பெயிண்ட் செலவு குடியிருப்பவருடையது என்று எழுதி, நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால், முதலில் அந்த ஷரத்து உங்கள் ஊர்ச் சட்டப்படி செல்லுமா என்று பார்க்க வேண்டும். செல்லும் என்றால், வாதம் தொகையைப் பற்றியும் பில்லைப் பற்றியும் மட்டுமே இருக்க முடியும். அதே மாதிரி, இணையத்தில் பார்த்த வேறு நாட்டுச் சட்டப் பிரிவை எண்ணோடு கடிதத்தில் போடுவதும் ஆபத்து. ஒரு பிரிவு தப்பாக இருந்தால், பதில் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

அலமாரியில் மூன்று கதவுகள், உங்கள் கையால் உடைந்தது ஒன்று. மூன்றையும் மாற்றிவிட்டு 6,000 பிடித்திருக்கிறார். ஒரே நிறமாக இருக்கட்டும் என்று மாற்றியிருக்கலாம், அது அவர் விருப்பம். உங்கள் பொறுப்பு ஒரு கதவு, அதாவது 2,000. அலமாரி பழசு என்றால் பெயிண்டைப் போலவே அதையும் குறைத்துக் கேட்கலாம். குழாய் விஷயத்தில் வாதமே தேவையில்லை. உள்ளே வாஷர் தேய்ந்து ஒழுகியது, நீங்கள் குடியிருக்கும்போதே செய்தி அனுப்பிச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் செய்தியின் தேதியைக் குறிப்பிட்டால் போதும். சுத்தம் செய்த 3,000-க்கு, சாவி கொடுத்த நாளில் எடுத்த படங்களின் நகலை இணைத்து, யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற ரசீதைக் கேளுங்கள். இன்னும் செய்யாத வேலைக்கு வாங்கிய மதிப்பீட்டுத் தாள் வேறு, கொடுத்து முடித்த பில் வேறு. வந்திருப்பது எது என்று பாருங்கள்.

பெயிண்ட் பற்றிய பத்தியை இப்படி எழுதலாம்:

"ஐயா, பெயிண்டுக்காகத் தாங்கள் பிடித்த 18,000-ஐ நான் ஏற்கவில்லை. சிறிய படுக்கையறையின் ஒரு சுவரில் கிறுக்கல் இருந்தது உண்மை. மற்ற மூன்று அறைகளில் இருந்தது இயல்பான தேய்மானம் மட்டுமே (படங்கள் 4 முதல் 9). மூன்று வருடப் பழைய பெயிண்டின் மிச்ச ஆயுளைக் கணக்கிட்டால் அந்த ஓர் அறைக்கு 1,125 வருகிறது. இந்தத் தலைப்பில் இதற்கு மேல் எதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சேதத்தை ஒப்புக்கொண்டதையே, சொன்ன தொகை முழுவதையும் ஒப்புக்கொண்டதாகத் திருப்பிவிட வாய்ப்பு இருக்கிறது.

இதே முறையில் எல்லாவற்றையும் கூட்டினால், நியாயமாகக் கழிக்கக்கூடியது 3,125. திரும்ப வேண்டியது 25,375. இந்த எண்ணைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே போடுங்கள். "நியாயமான தொகையைத் தாருங்கள்" என்று எழுதினால், ஒரு சிறு தொகையைப் போட்டுவிட்டு "இதுதான் நியாயம்" என்று சொல்லிவிடலாம். "உடனே" என்பதற்கும் இதே கதிதான். கடிதத் தேதியிலிருந்து 14 நாள் என்று வைத்து, அந்த நாளைத் தேதியாகவே எழுதுங்கள். அதற்குள் வராவிட்டால் எங்கே முறையிடப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் சொன்னால் போதும். செய்ய நினைக்காததைச் சொல்லி மிரட்டினால், செய்யப் போவதாகச் சொன்னதும் வெறும் மிரட்டலாகத் தெரியும்.

மோட்டார் ரிப்பேர், மாடி வீட்டுச் சத்தம் என்று பழைய குறைகளைச் சேர்க்க மனம் இழுக்கும். எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அவற்றை விட்டுவிடுங்கள். அட்வான்ஸில் இருந்து போன பணத்தோடு அவற்றுக்குத் தொடர்பில்லை.

கடிதத்தை விடப் பெரிய தவறு ஒன்று அதற்கு முன்பே நடந்துவிடுவதுண்டு. மீதி 31,500-ஐக் கொடுக்கும்போது, "கணக்கு முடிந்தது, இனி பாக்கி எதுவும் இல்லை" என்று ஒரு சீட்டில் கையெழுத்து கேட்பார்கள். கையில் வருவதை விட வேண்டாமே என்று போட்டுவிட்டால், பிறகு எழுதும் கடிதத்துக்கு அந்தச் சீட்டே பதிலாக வந்து நிற்கும். "பகுதித் தொகையாக 31,500 பெற்றுக்கொண்டேன், பிடித்தங்களை நான் ஏற்கவில்லை" என்று எழுதித் தேதியுடன் கையெழுத்துப் போடுங்கள். அதற்குச் சம்மதிக்காவிட்டால், பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிவிட்டு, அது வந்த அன்றே இதே வரியைச் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், அனுப்பும் வழி. போனில் பேசியது நிற்காது. கையெழுத்திட்ட கடிதத்தைச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபாலில் அனுப்பி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஒப்பந்தம், ரசீதுகள் எல்லாவற்றுக்கும் நகல் மட்டும் போகட்டும். அசல் உங்களிடமே இருக்க வேண்டும். பணம் வர வேண்டிய கணக்கு எண்ணைக் கடிதத்தின் கடைசியில் எழுத மறந்துவிடாதீர்கள்.