கூண்டில் ஏறுவதற்கு முன்: வக்கீலைப் பார்க்கப் போகும் சாட்சிகள் செய்யும் தவறுகள்

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வாய்தாவுக்கு முந்தின நாள் ராத்திரி வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "ஏனுங்க, நாளைக்குத்தானுங்களே நம்ம சாட்சி? பத்து மணிக்கு நேரா கோர்ட்டுக்கே வந்தர்றேனுங்க. வக்கீலய்யா என்ன சொல்லோணும்னு அங்கியே சொல்லிக் குடுத்துருவாருங்களா?"

நேரம், இடம், எதற்காகச் சந்திக்கிறோம் என்ற நினைப்பு, மூன்றுமே இதில் தப்பு. பத்தரை மணிக்கு நீதிபதி உட்கார்ந்துவிடுவார். அன்று வக்கீலுக்கு நான்கைந்து கேஸ் இருக்கும். வராந்தாவில் நின்றபடி கேஸ் கட்டைப் பிரித்துக் காட்டும்போது எதிர்த்தரப்புக்காரர் இரண்டு தூண் தள்ளி நின்றிருப்பார்.

நான் ஆபீஸில் பார்த்த கேஸை இங்கே எழுத முடியாது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற சட்டம் குமாஸ்தாவுக்கும் பொருந்தும். அதனால் காங்கேயம், தாராபுரம் பக்கம் அடிக்கடி வரும் மாதிரியான வண்டித்தடத் தகராறு ஒன்றைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம்.

அண்ணன், தம்பி இருவரும் 1987-இல் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். அண்ணன் காடு பின்னால் இருக்கிறது. அங்கே போக, தம்பி காட்டின் வடபுறத்தை ஒட்டிக் கிழமேலாகப் பன்னிரண்டு அடி அகல வண்டித்தடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. இப்போது தம்பி மகன் அங்கே கம்பிவேலி போட்டுவிட்டார். அண்ணன் காலமாகிவிட்டார், அவர் மனைவிதான் வாதி. இரண்டாவது சாட்சி, பக்கத்துக் காட்டுக்காரரான எழுபது வயதுப் பெரியவர்.

சிவில் கேஸில் சாட்சியின் முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகத் தாக்கலாகிறது. புரூப் அபிடவிட் என்போம். கூண்டில் நடப்பது முக்கியமாகக் குறுக்கு விசாரணைதான். அதனால் வக்கீலை இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை, அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன். இரண்டாவது, குறுக்கு விசாரணைக்கு மூன்று நான்கு நாள் முன்னால். முதல் சந்திப்பைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். டைப் செய்த தாள் வரும், பால் ஊற்றப் போகிற அவசரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து விழும். அப்புறம் கூண்டில் கேட்பார்கள்: "இதை எழுதியது யார்? படித்துப் பார்த்தீர்களா?" வாதியான பாட்டியம்மா உள்ளதைச் சொல்வார்: "வக்கீல் எழுதுனாருங்க, நான் கையெழுத்துப் போட்டனுங்க." அந்தப் பதில் அப்படியே பதிவாகும். அதற்குப் பிறகு பத்திரத்தில் இருக்கும் மற்ற வரிகளுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்?

வாரநாள் சாயங்காலம் ஆபீஸில் கூட்டம் இருக்கும், ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும். எங்களைப் போன்ற ஆபீஸ்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி தோதான நேரம். காலைப் பால் கறந்து ஊற்றிவிட்டு வரலாம், சாயங்காலக் கறவைக்குள் திரும்பிவிடலாம். ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்று கேட்டே வாங்குங்கள். "சும்மா வந்து பாத்துட்டுப் போறனுங்க" என்றால் பத்து நிமிடம்தான் கிடைக்கும். வயதானவர்கள் மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொண்டுவர வேண்டும். கண்ணாடி இல்லாமல் வந்தால் மகன் படித்துக் காட்டுவார். அப்போது சாட்சி கேட்டது மகன் குரலைத்தான், தாளை அவர் பார்க்கவே இல்லை.

சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே வாதி படிக்க வேண்டிய தாள்களுக்கு நான் ஒரு பட்டியல் சொல்வேன். இந்தக் கேஸில் அது பிராது, அதோடு இணைத்த வரைபடம், 1987 பாகப்பிரிவினைப் பத்திரம், எதிர்வழக்குரை, இரண்டு பக்கமும் அனுப்பிய நோட்டீஸ்கள், இடத்தைப் பார்த்துவரக் கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனரின் அறிக்கையும் பிளானும், கடைசியாக அவருடைய பிரமாணப் பத்திரம். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் கேஸ் கட்டுக்குள் இருக்கட்டும். வக்கீல் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். மொத்தக் கட்டையும் ஒரே ராத்திரியில் படித்துவிட்டு வந்த சாட்சி எதையும் நினைவில் வைத்திருக்க மாட்டார். எது தான் கண்ணால் பார்த்தது, எது நேற்றுப் படித்தது என்பதே அவருக்குக் குழம்பிப் போகும்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நான்கு பக்க எல்லையைச் சொல்லும் செக்குபந்தியை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஊர்ப்பேச்சுக்கும் பத்திர எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இடிக்கும். பாட்டியம்மா ஐம்பது வருசமாக அந்தப் பாதையை 'இட்டேரி' என்றுதான் சொல்லியிருப்பார். பத்திரத்திலும் பிராதிலும் 'வண்டித்தடம்' என்று இருக்கிறது. வீட்டில் இரண்டும் ஒன்றுதான். கோர்ட்டில் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் வேலி கட்டிய, ஊருக்கே பொதுவான பாதையைத்தான் நம் பக்கம் இட்டேரி என்பது. கூண்டில் அவர் "அந்த இட்டேரியிலதானுங்க வண்டி போகும்" என்று சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "அப்படியானால் நீங்கள் சொல்வது பொதுப் பாதை, என் கட்சிக்காரர் பட்டா நிலத்தில் தடமே இல்லை, சரிதானே?" அவர் "ஆமாங்க" என்று தலையாட்டினால், பேச்சு வழக்கிலிருந்த ஒரு சொல்லால் கேஸே திசைமாறிவிடும்.

இதை ஞாயிற்றுக்கிழமையே கண்டுபிடித்துவிடலாம். வக்கீல் கமிஷனர் பிளானை மேசையில் விரித்து, வடக்கு எது என்று முதலில் காட்டச் சொல்வார். அப்புறம் வீட்டிலிருந்து பின்காட்டுக்குப் போகும் வழியை விரலால் தொட்டுக் காட்டச் சொல்வார். விரல் கடவைத் தாண்டி, கிளுவை வேலி ஓரமாகப் போய், கம்பிவேலி போட்ட இடத்தில் நிற்கும். "இதை என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்பார். "இட்டேரிங்க" என்று பதில் வந்தால், அதைச் சொல்லாதீர்கள் என்று வக்கீல் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டார். பத்திரத்தில் இதற்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று படிக்கச் சொல்வார். ஊரில் இட்டேரி என்று சொல்வது இதே தடத்தையா, வேறு பாதையையா என்று கேட்பார். இதே தடம்தான் என்றால், கோர்ட்டிலும் அப்படியே விளக்கிச் சொல்லலாம். வேறு பாதை என்றால், அது வக்கீலுக்கு இப்போதே தெரிய வேண்டிய சங்கதி.

தயார் செய்வதற்கும் சொல்லிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தாளைக் காட்டலாம், கேள்வி எப்படி வரும் என்று சொல்லலாம், நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்லச் சொல்லலாம். பதிலை வாயில் வைக்கக் கூடாது. தெரிந்தே பொய்ச்சாட்சி சொன்னால் ஏழு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

இரண்டு சாட்சிகளையும் ஒரே காரில் ஏற்றிவந்து ஒன்றாக உட்கார வைப்பது நம் பக்கம் சகஜம். பெட்ரோல் மிச்சமாகலாம், ஆனால் சாட்சியம் கெடும். ஒருவர் பேசுவதைக் கேட்ட இன்னொருவர் நினைவு தானாகவே அந்தப் பக்கம் சாயும். பக்கத்துக் காட்டுப் பெரியவர் கூண்டில் ஏறி, வாதி சொன்ன அதே வார்த்தையில் "தொன்றுதொட்டு இடையூறின்றி அனுபவித்து வருகிறார்கள்" என்றால் நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். கறவை மாட்டைப் பற்றிப் பேசுகிற பெரியவர் வாயில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அவருக்குத் தனி நாள், தனி நேரம் குறித்துக் கொடுங்கள்.

அவருடைய பட்டியலும் சின்னது. அவருடைய பிரமாணப் பத்திரம், அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பத்திரம் இருந்தால் அது, தடத்தைக் காட்ட அந்தப் பிளான். வேறெதையும் கொடுக்க வேண்டாம். இதற்குக் காரணம் நிறையப் பேருக்குத் தெரியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தில் 126, கட்சிக்காரர் தன் வக்கீலிடம் சொன்னதைக் காக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் நம் வக்கீலின் கட்சிக்காரர் அல்ல. அவரோடு பேசியதற்கு அதே பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி, கேஸை எப்படி நடத்தப் போகிறோம் என்று அவர் முன்னால் பேசக் கூடாது. வாதிக்குமே அது முழுக் கவசம் அல்ல. 134-ஆம் பிரிவின்படி, அவரே சாட்சியாக ஏறிய பிறகு, அவர் சாட்சியத்தை விளக்கத் தேவை என்று கோர்ட் நினைக்கிற அளவுக்கு வக்கீலிடம் பேசியதைச் சொல்லச் சொல்லலாம்.

அடுத்து, கூட வருபவர்கள். "ஏனுங்கய்யா, மச்சானும் பெரிய பையனும் வரட்டுங்களா, அவிங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்பார்கள். வரட்டும், ஆனால் வெளியே திண்ணையில் உட்காரட்டும். பங்காளி கேஸில் நம் மச்சானே எதிர்ப்பக்கத்துக்கு ஏதோ ஒரு முறையில் சம்பந்தியாக இருப்பார். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. சாயங்காலம் டீக்கடையில் வாய் தவறி ஒரு வரி விழுந்தால் போதும். பாட்டியம்மாவுக்குக் காது கேட்காது, துணை வேண்டும் என்றால் அதை முன்கூட்டியே வக்கீலிடம் சொல்லி, ஒரே ஒருவரை, அந்தக் கேஸில் சாட்சியாக வராதவரைக் கூட்டிவாருங்கள்.

போனிலும் இதே கவனம் வேண்டும். பிரமாணப் பத்திரத்தின் வரைவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "இதுக்கு என்ன சொல்றது?" என்று ஆளுக்கொரு பதில் எழுதுகிறார்கள். அது வக்கீலோடு பேசிய பேச்சு அல்ல. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் நேராக எதிர்த்தரப்பு கைக்குப் போகும். நான் நாள் குறித்து அனுப்பும் செய்தியில் கேஸைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது: "ஞாயிறு காலை 11, ஆபீஸ். ஒன்றரை மணி நேரம். நீங்கள் மட்டும். கண்ணாடி, பழைய பத்திரத்தின் ஜெராக்ஸ் கொண்டுவரவும். விஷயம் நேரில்." பதிலாக வாய்ஸ் மெசேஜில் கதை வந்தால், அதை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவேன். ஜெராக்ஸ் கடையிலும் எடுத்த பிரதிகளை எண்ணி வாங்குங்கள், மங்கலாக விழுந்த தாளையும் சேர்த்து.

வீட்டில் குறிப்பு எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு வருபவர்களும் உண்டு. கூண்டில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால், எதிர்த்தரப்பு அதை வாங்கிப் பார்க்கவும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவும் உரிமை உண்டு. படிக்க வேண்டியதை ஆபீஸிலேயே படித்து, தாளை அங்கேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

இத்தனையும் சரியாகச் செய்தவர்கள்கூட ஒரு கேள்வியில் தடுமாறுகிறார்கள். "சாட்சி சொல்ல வருமுன் உங்கள் வக்கீலைப் பார்த்துப் பேசினீர்களா?" ஏதோ குற்றம் செய்ததுபோல உடனே "இல்லீங்க" என்பார்கள். அதுதான் அந்த நாளின் முதல் பொய்யாகிவிடும். தன் வக்கீலைப் பார்ப்பது எந்தச் சட்டத்திலும் தப்பில்லை. "பார்த்தனுங்க. போன ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல பார்த்து, என் பத்திரத்தைப் படிச்சுப் பார்த்தனுங்க" என்று சொன்னால், கேட்டவர் அடுத்த கேள்விக்குத்தான் போக வேண்டும்.